அட்டைக்கு எதற்கு வேகம்?

நரம்பிணைப்புப் பாடம் வரும் வாரத்தில் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து இரண்டாகப் பிரிப்பேன். ஒரு நரம்புக் கலம் அடுத்ததற்குச் செய்தி கடத்தும் சந்திப்புதான் சினாப்ஸ். இடப்பக்கம் மின் சினாப்ஸ், வலப்பக்கம் இரசாயன சினாப்ஸ். முதல் வரி எப்போதும் ‘வேகம்’தான். இடப்பக்கம் ‘மிக வேகம்’, வலப்பக்கம் ‘சற்று மெதுவு’. 11 வருடமாக உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் எழுதிப் போட்டேன். போன வருடம் ஆனி மாதத்துச் சனிக்கிழமை வகுப்பு ஒன்றில், மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்ததால் கத்திக் கத்திப் பாடம் நடத்தியபோது, பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு பிராணியை உதாரணமாகச் சொல்லலாமே என்று தோன்றியது. அட்டையின் உடம்பில் தலையிலிருந்து வால் வரை ஓடும் ஒரு நரம்புப் பாதை முழுக்க மின் சினாப்ஸால் கோர்க்கப்பட்டது, அதனால்தான் தொட்டவுடன் முழு உடம்பையும் சுருக்கிக்கொள்கிறது என்றேன். காட்டோரத்து மலையில் கொழுந்தெடுக்கிற அம்மாக்களின் பிள்ளைகள். அட்டையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

“டீச்சர், அட்டைக்கு எதுக்கு வேகம்? அதுதான் ஊர்ந்துகிட்டே கெடக்குமே.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆபத்து வந்தால் தப்பிக்கத்தான் என்றேன். அவள் விடவில்லை. “உப்பு வச்சாக்கூட மெதுவா சுருண்டுதானே டீச்சர் விழுது? அதுக்கு எதுக்கு அவ்வளவு வேகமான நரம்பு?” அன்றைக்கு மணி அடித்துக் காப்பாற்றியது. ஆனால் கேள்வி என்னோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

இரண்டு பீப்பாய்

அவள் கேள்விக்குப் பதில் தேடப் போனதில் முதலில் கண்டுபிடித்தது என் பாடத்திலேயே இருந்த ஓட்டைகளை. இரசாயன சினாப்ஸ் ஏன் மெதுவானது என்று கேட்டால், ‘இரசாயனம் இடைவெளியை மிதந்து கடக்க வேண்டுமே’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது காரணம் இல்லை. அந்த இடைவெளி ஏறக்குறைய 20 நனோமீற்றர்தான். அவ்வளவு சிறிய தூரத்தை ஒரு மூலக்கூறு மைக்ரோ செக்கன் கணக்கில் கடந்துவிடும். தாமதத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே ஆகிவிடுகிறது: நரம்பின் மின் துடிப்பு முனைக்கு வந்து சேர்ந்த பிறகு அங்கே உள்ள கல்சிய வாசல்கள் திறக்க வேண்டும், உள்ளே வரும் கல்சியம், இரசாயனம் நிரம்பிய பைகளைச் சவ்வோடு ஒட்டவைத்து உடைக்க வேண்டும். வாசல் திறப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. 1965-இல் கட்ஸும் மிலேடியும் தவளையின் தசை நரம்பில் இதை அளந்தார்கள். 20 பாகை வெப்பநிலையில் மிகக் குறைந்த தாமதமே அரை மில்லி செக்கன் அளவு. குளிர வைத்தால் அது பல மடங்காக நீள்கிறது. மாசிப் பனியில் அட்டைகூடச் சோம்பிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

மின் சினாப்ஸில் இந்தக் கதை எதுவும் இல்லை. இரண்டு கலங்களின் சவ்வுகளும் 3 அல்லது 4 நனோமீற்றர் நெருக்கத்துக்கு வந்து நிற்கின்றன. அந்த இடத்தில் இரு பக்கத்துச் சவ்விலும் குழாய்கள் இருக்கின்றன. எதிர் எதிரே பொருந்திக்கொண்டு ஒரே குழாயாகிவிடுகின்றன. இப்படி நூற்றுக்கணக்கான குழாய்கள் திட்டாகக் கூடிய இடம்தான் நம் புத்தகத்தில் வரும் இடைவெளிச் சந்தி. முதுகெலும்புள்ள விலங்குகளில் அந்தக் குழாயைக் கட்டும் புரதத்துக்குப் பெயர் கொனெக்ஸின். அட்டை, பூச்சி போன்றவற்றில் அதே வேலையைச் செய்வது இனெக்ஸின் என்ற வேறொரு புரதக் குடும்பம். இரண்டுக்கும் உறவு இல்லை, வேலை மட்டும் ஒன்று. வாசல் திறக்கக் காத்திருக்கத் தேவையில்லை. மின்னோட்டம் நேரே பாய்கிறது.

அடுத்த ஓட்டை இன்னும் பெரியது. ‘பாய்கிறது’ என்று சொல்லும்போது என் மனதில் வயர் இருந்தது. வயரைவிடப் பொருத்தமானது எங்கள் லயத்துப் பின்பக்கத்தில் இருந்த இரண்டு தண்ணீர்ப் பீப்பாய்கள். பீலியிலிருந்து வரும் தண்ணீரைச் சேர்க்க அப்பா வைத்தவை. அடியில் ஒரு சிறு குழாயால் இணைத்திருந்தார். ஒன்றில் ஊற்றினால் மற்றதிலும் ஏறும். மற்றதில் மொண்டால் இதிலும் இறங்கும். குழாய்க்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று கிடையாது, எந்தப் பக்கம் மட்டம் உயர்ந்திருக்கிறதோ அங்கிருந்து மற்றதற்கு ஓடும், வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகமாக. பெரும்பாலான மின் சினாப்ஸ் இப்படித்தான் இருவழி. (ஒருவழி மட்டும் பாய்வதும் உண்டு. 1950-களின் இறுதியில் ஃபர்ஷ்பனும் பொட்டரும் நன்னீர்க் கல் இறாலின் வால் உதறும் நரம்பில் கண்டுபிடித்ததே அப்படிப்பட்ட ஒன்றுதான். முதன்முதலில் உறுதியாக நிரூபித்த மின் சினாப்ஸே விதிவிலக்காக அமைந்துவிட்டது!)

பீப்பாயால் முடியாததும் இருக்கிறது. ஒரு சிரட்டைத் தண்ணீரை இந்தப் பீப்பாயில் ஊற்றினால் அந்தப் பீப்பாய் நிரம்பாது. மெல்லிய நரம்பு முனை ஒன்று தன்னிடம் உள்ள கொஞ்ச மின்னோட்டத்தை மட்டும் வைத்து ஒரு பெரிய தசைநாரை உசுப்ப முடியாது. இரசாயன சினாப்ஸ் அதைச் செய்யும், ஏனென்றால் அங்கே துடிப்பு ஒரு கட்டளை மட்டுமே. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் மறுபக்கம் போய்ப் புதிதாக வாசல்களைத் திறக்கின்றன. அதே கட்டளையை ‘நிறுத்து’ என்றும் மாற்ற முடியும். மூளையின் பெரும்பகுதி அந்த அரை மில்லி செக்கனை விலையாகக் கொடுத்து இரசாயனத்தையே ஏன் வைத்திருக்கிறது என்பது இங்கே புரிந்துவிடுகிறது. புரியாமல் மிச்சமிருந்தது அந்தப் பிள்ளையின் அட்டைதான்.

எஸ் கலம்

மருத்துவ அட்டையின் நரம்பு வடம் மணிமாலை மாதிரி. தலையில் ஒரு பெரிய திரட்டு, வாலில் ஒரு பெரிய திரட்டு, நடுவே 21 சிறு திரட்டுகள். ஒவ்வொரு நடுத்திரட்டிலும் சில நூறு நரம்புக் கலங்கள். பெரும்பாலானவை இடம் வலமாகச் சோடியாக இருக்கும். சோடி இல்லாத சிலவற்றில் ஒன்றுதான் எஸ் கலம். திரட்டுக்கு ஒன்றே ஒன்று. அது ஆக்ஸன் என்ற நீண்ட இழையை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக நீட்டுகிறது. அடுத்த திரட்டின் எஸ் கலமும் அப்படியே நீட்ட, இரண்டும் பாதி வழியில் சந்தித்து மின் சினாப்ஸால் கைகோர்க்கின்றன. இந்தக் கோர்ப்பு பலமானது. ஒன்றில் துடிப்பு வந்தால் அடுத்ததிலும் ஒன்றுக்கு ஒன்று என்று துடிப்பு எழும். அட்டையின் வடத்தில் மிக வேகமாகச் செய்தி ஓடும் பாதை இதுதான். (இந்த ஆய்வுகள் எல்லாம் ஐரோப்பிய மருத்துவ அட்டையில் நடந்தவை. நம் காலில் ஏறுவது நில அட்டை, வேறு இனம். நம்முடையதன் எஸ் கலத்தைத் தோண்டிப் பார்த்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.)

ஒரு இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 21 திரட்டுகளுக்கு நடுவே 20 சந்திப்புகள். அத்தனையும் இரசாயன சினாப்ஸாக இருந்தால் ஆளுக்கு அரை மில்லி செக்கன் வீதம் மொத்தம் 10 மில்லி செக்கன் கூடுதலாகப் பிடிக்கும். குளிரில் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம், 30. ஆனால் அட்டையின் தசை சுருங்கி முடிக்கவே அதைவிட எவ்வளவோ அதிக நேரம் பிடிக்கும். உப்பு வைத்த அட்டையைப் பார்த்த எவருக்கும் இது தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. தசை அவ்வளவு மெதுவாக இருக்கும்போது நரம்பில் 10 மில்லி செக்கனை மிச்சம் பிடித்து என்ன காணப்போகிறது?

வேகத்தை விட்டுவிட்டு வேறு கணக்குப் போட்டேன். ஒவ்வொரு சந்திப்பிலும் 100 துடிப்பில் 98 தப்பாமல் கடக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சினாப்ஸ்தான். ஆனால் 20 சந்திப்பும் தாண்டி வாலுக்கு வந்து சேருவது 67 மட்டும். மூன்றில் ஒன்று வழியிலேயே தொலைகிறது. ஒன்றுக்கு ஒன்று என்று கடத்தும் மின் சினாப்ஸ் சங்கிலியில் தலைக்குத் தெரிந்தது வாலுக்கும் தெரியும், எண்ணிக்கை குறையாமல். அப்படியானால் இந்தப் பாதையின் பெருமை வேகத்தில் இல்லை, எல்லாத் திரட்டுக்கும் ஒரே செய்தி கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்ச் சேருவதில் இருக்கிறது. சரி, விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். முழு உடம்பும் ஒன்றாகச் சுருங்க இது வேண்டும், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை சொல்வதற்குக் குறிப்பும் எழுதி வைத்தேன்.

அந்த வாரமே அம்மாவின் காலில் ஒன்று ஏறி வந்தது. உரித்து எடுத்து ஈரத் தட்டில் போட்டேன். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றால் தலைப்பக்கம் மெதுவாகத் தொட்டால் சட்டென்று பாதியாகிவிட்டது. நீளும் வரை காத்திருந்து மறுபடி தொட்டேன். நில அட்டையை வைத்துச் சோதனை செய்வது சிரமம். கை மணமும் சூடும் பட்டால் சுருங்குவதை மறந்து விரலை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு முறை தொட்டதும் ஆளுக்குச் சலித்துவிட்டது. ஈர்க்கு பட்டால் தலையை லேசாக இழுத்துக்கொள்வதோடு சரி. அப்புறம் வால் பக்கத்தை இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு மறுபடி தலையில் ஈர்க்கை வைத்தேன். முதல் தடவை மாதிரி முழுசாகச் சுருண்டது. “அத ஏன்டி போட்டு நோண்டுற? சுண்ணாம்ப வச்சு தூக்கிப் போடு” என்றார் அம்மா.

பழகிப் போவது, பிறகு ஒரு அதிர்ச்சி வந்ததும் பழக்கம் கலைந்து மீண்டும் உஷாராவது. மிக எளிய வகைக் கற்றல் இவை. இதைப் படிக்கப் போனபோதுதான் என் குறிப்பு உடைந்தது. 1994-இல் சாலி, முல்லர் ஆகியோரின் குழு அட்டையின் எஸ் சங்கிலியில் ஒரே ஒரு இடத்தைத் துண்டித்துப் பார்த்திருக்கிறது. திரட்டுக்கு ஒரு கலம்தானே, ஓர் இணைப்பு அறுந்தால் சங்கிலியே இரண்டாகிவிடும். அட்டை சுருங்காமல் போயிருக்க வேண்டும், அல்லது முன்பாதி மட்டும் சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் அட்டை வழக்கம்போலச் சுருங்கியது! தொடத் தொடப் பழகியும் போனது. போனது ஒன்றே ஒன்று: அதிர்ச்சி கொடுத்தாலும் அது உஷாராகவில்லை. இன்னும் பழகாத அட்டையை அதிர்ச்சி கொடுத்துக் கூடுதலாகச் சுருங்க வைப்பது முற்றாக நின்றது, பழகிப்போனதைக் கலைப்பது குறைந்தது. சுருக்கத்துக்கு வேறு பாதைகளும் பக்கத்திலேயே ஓடுகின்றன என்று மற்றவர்களின் ஆய்வுகளும் காட்டின. மிக முந்திய சிறு தூண்டலை எஸ் பாதை கொடுக்கிறதுதான், ஆனால் அது இல்லாமலே காரியம் நடக்கிறது.

எனக்கு இதை ஏற்க இரண்டு நாள் பிடித்தது. சுருங்குவதற்கென்றே போட்ட பாதை மாதிரி இருந்தது, சுருங்க அது தேவையே இல்லை. ‘இனி கவனமாக இரு’ என்ற பாடத்தை உடம்பு முழுக்கப் பரப்புவதுதான் அதன் வேலை. அடுத்து வந்தது இன்னும் அழகு. அறுந்த எஸ் ஆக்ஸன் திரும்ப வளரும். சுற்றிலும் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்க, சரியாகத் தன் பழைய சோடியையே தேடிப் பிடித்து மின் சினாப்ஸை மீண்டும் கட்டும். சில வேளை அறுந்து கிடக்கும் தன் சொந்தத் துண்டோடே, அது உயிரோடு இருக்கும் காலத்தில், வயரை முறுக்கி ஒட்டுப்போட்ட மாதிரி இணைந்துகொள்ளும். சில வாரங்களில் அந்த ஒற்றை இணைப்பு திரும்பியதும் கற்றலும் திரும்பியது என்று 1997-இல் அதே குழு எழுதியது.

மெல்லிய குழாய்

அட்டையோடு விட்டிருந்தால் இது அட்டையின் வினோதம் என்று ஒதுக்கியிருப்பேன். ஆனால் நம் தலைக்குள்ளும் மின் சினாப்ஸ் இருக்கிறது. முக்கியமான புரதம் கொனெக்ஸின் 36. அது மிக அடர்த்தியாக இருக்கும் இடங்களில் ஒன்று மூளைத்தண்டில் உள்ள ஒலிவ் என்ற சிறு கலத்தொகுதி. சிறுமூளைக்கு ‘இப்போது, இந்தக் கணம்’ என்று சமிக்ஞை அனுப்புவது அதன் வேலை. இங்கே குழாய்கள் எஸ் கலத்தில் இருப்பது போலப் பலமாக இல்லை. ஒரு கலத்தில் 10 மில்லிவோல்ற் ஏறினால் பக்கத்துக் கலத்தில் அரையோ ஒன்றோதான் ஏறும். ஒன்றின் துடிப்பு இன்னொன்றில் துடிப்பை எழுப்பாது, லேசான ஒரு மேடு மட்டும் தெரியும். பின்னே இவ்வளவு மெல்லிய குழாய் எதற்கு?

பீப்பாய்க்கே திரும்புவோம். இரண்டு அல்ல, ஐம்பது பீப்பாய்கள், எல்லாம் மெல்லிய குழாய்களால் பக்கத்துப் பக்கத்தில் இணைந்தவை, ஒவ்வொன்றின் மட்டமும் தானாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்று மற்றவற்றுக்கு முந்தி உயரப் போனால் அதிலிருந்து தண்ணீர் வெளியே வழிந்து அதைத் தாமதமாக்கும். பின்தங்கியதற்குள் தண்ணீர் வந்து அதைத் தூக்கிவிடும். யாரும் தாளம் தட்ட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்தே ஏறி இறங்கும். ஒலிவ் கலங்களின் மின்மட்டம் செக்கனுக்குச் சில முறை இப்படித் தானாக அலையும் இயல்புடையது. 2002-இல் கொனர்ஸின் குழு கொனெக்ஸின் 36 இல்லாத எலிகளின் ஒலிவைப் பார்த்தபோது ஒவ்வொரு கலமும் அலைந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் ஒன்றோடொன்று சேரவில்லை. பக்கத்துக் கலம் சும்மா இருந்தால் இதே குழாய் மின்னோட்டத்தை வெளியே கசியவிட்டு, துடிக்கப் பார்க்கும் கலத்தை அடக்கவும் செய்யும். தனியாளாகக் கத்துவதைக் கடினமாக்கி, எல்லோரும் சேரும்போது மட்டும் விடுவது மாதிரி.

இப்போது எலிக்கு என்ன ஆனது? நடுங்கித் தள்ளாடும் என்றுதான் எதிர்பார்ப்போம். அவை நன்றாகவே நடக்கின்றன, ஓடுகின்றன. 2008-இல் டி ஸீயூவின் குழு அவற்றுக்குப் பாடம் வைத்தது: ஒரு ஒலி, கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணில் காற்று. சாதாரண எலி, காற்று வருவதற்குச் சற்று முன்னால் இமையை மூடக் கற்றுக்கொள்ளும். கொனெக்ஸின் 36 இல்லாதவை இதில் திணறின. கற்றது குறைவு, நேரமும் பிசகியது. நடையில் குறை இல்லை, புதிய அசைவை நேரத்துக்குச் செய்யக் கற்பதில் குறை. அட்டையில் பார்த்ததே இங்கும். பிறப்பிலிருந்தே புரதம் இல்லாத எலியின் மூளை வேறு வழியில் ஈடுசெய்திருக்கலாம், கண்ணில் கூட அதே புரதம் வேலை செய்கிறது என்பதால் இந்த எலிகளைக் கவனமாகத்தான் வாசிக்க வேண்டும். அட்டையில் எஸ் கலம் செய்தி பரப்புகிறது, ஒலிவில் குழாய்கள் நேரத்தை ஒன்றாக்குகின்றன. இரண்டும் ஒரே வேலையும் அல்ல. அப்படியிருந்தும், உறவே இல்லாத இரண்டு புரதங்கள், இவ்வளவு தூரத்து இரண்டு பிராணிகள், இரண்டிலும் அசைவு மிஞ்சிக் கற்றல் போனது என்பது என்னை இன்னும் விடவில்லை.

அடுத்த வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். பீப்பாய்ப் படம் போட்டேன், அட்டையை அறுத்த கதையைச் சொன்னேன். கரும்பலகையில் முதல் வரியில் இருந்த ‘வேகம்’ கீழே இறங்கி, அந்த இடத்துக்கு ‘இருவழி’ வந்தது. அந்தப் பிள்ளை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்ப அறுத்த அட்டை, உப்பு வச்ச கைக்கே திரும்பத் திரும்ப வருமா டீச்சர்?”

சுருங்கும், ஆனால் இன்னும் கவனமாகாது என்றுதான் ஆய்வு சொல்கிறது. திரும்பி வருமா என்று யாரும் பார்த்தார்களா தெரியாது, தேடிப் பார்க்கிறேன் என்றேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.